பொழுதுபடுகிற நேரத்தில் கல்லடிப் பாலம்: 16 படங்களை அடுக்கி ஒரு தெளிந்த படம் செய்வது எப்படி?

மட்டக்களப்பு வாவிக்கு மேலே நிற்கிற கல்லடிப் பழைய பாலத்தைப் பொழுதுபடுகிற நேரத்தில் ஃபோனில் எடுத்தால், ஃபோன் திரையில் பார்க்கும்வரை படம் நன்றாகத்தான் இருக்கும். கணினியில் போட்டுப் பெரிதாக்கும்போதுதான் குறை தெரியும். வானம் முழுக்கப் பொரிப்பொரியாக நொய்ஸ். 1924ஆம் ஆண்டுப் பாலம் அது. குறுக்கும் மறுக்குமாக ஓடும் அதன் இரும்புச் சட்டங்களும் அவற்றை இணைக்கிற ரிவெட் ஆணித் தலைகளும்தான் பாலத்துக்கே அழகு. படத்திலோ சட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், ஆணித் தலைகள் இருந்த தடமே தெரியாது.

இதற்கு விலை கூடிய கமரா வாங்கத் தேவையில்லை. ஒரே இடத்தில் நின்று ஒரே காட்சியைப் பல தரம் எடுத்து, அந்தப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாகப் பொருத்திச் சராசரி எடுத்தால் நொய்ஸ் நன்றாகக் குறையும். தனிப் படம் எதிலும் இல்லாத விவரமும் கொஞ்சம் வெளியே வரும். பாலத்தையே உதாரணமாக வைத்து, எடுப்பதிலிருந்து சரிபார்ப்பது வரை சொல்கிறேன். மென்பொருள் நான்கு வேண்டும்: RawTherapee, Hugin, ImageMagick, GIMP. நான்கும் இலவசம்.

எப்படி வேலை செய்கிறது

இதில் இரண்டு ஆதாயங்கள் இருக்கின்றன. இரண்டும் வேறு வேறு காரணங்களால் வருகின்றன. புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் பாதி வழியில் ஏமாந்து போகிறார்கள்.

முதலாவது நொய்ஸ் குறைவது. பாலத்தின் சட்டம் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். நொய்ஸ் புள்ளி அப்படியல்ல, ஒரு படத்தில் கொஞ்சம் வெளிச்சமாக இருந்த பிக்சல் அடுத்த படத்தில் கொஞ்சம் இருட்டாக இருக்கும். சராசரி எடுத்தால் கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று அழித்துவிடும், சட்டம் அப்படியே நிற்கும். எவ்வளவு குறையும் என்பதற்குக் கணக்கு உண்டு. படங்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்தால் அத்தனை மடங்கு நொய்ஸ் குறையும். 4 படத்துக்குப் பாதி, 16 படத்துக்குக் கால், 64 படத்துக்கு எட்டில் ஒன்று. 16இலிருந்து 64க்குப் போனால் வேலை நான்கு மடங்கு, கிடைப்பதோ இன்னொரு பாதி மட்டும்தான். அதனால் நான் 16உடன் நிறுத்திக்கொள்வேன். ஐ.எஸ்.ஓ. 1600இல் எடுத்த 16 படங்களைச் சேர்த்தால் மொத்தத்தில் 16 மடங்கு ஒளி சேர்கிறது, ஆகவே நொய்ஸ் ஏறத்தாழ ஐ.எஸ்.ஓ. 100 அளவுக்கு இறங்கிவிடும்.

இரண்டாவது, உண்மையான விவரம் கூடுவது. இதற்கு மேலே சொன்ன கணக்குப் போதாது, படங்கள் ஒன்றுக்கொன்று சிறிது நகர்ந்திருக்க வேண்டும். கிடுகு வேலி இடுக்கு வழியாக அடுத்த வளவைப் பார்க்கிறவர் தலையை இப்படியும் அப்படியும் சற்று அசைத்தால், ஒரு நிலையில் மறைந்திருந்தது அடுத்த நிலையில் தெரியும் அல்லவா? கமராவின் பிக்சல் கட்டமும் அப்படித்தான். இரண்டு பிக்சலுக்கு நடுவே விழுந்து கலங்கிப்போன மெல்லிய சட்டம், கை அரைப் பிக்சல் நகர்ந்த அடுத்த படத்தில் ஒரு பிக்சலின் நடுவே சரியாக விழும். கை நடுக்கம் இதைத் தானாகவே செய்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. சென்சரின் ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கிறது. பொதுவாக நான்கு பிக்சலில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மற்ற நிறங்களைப் பக்கத்துப் பிக்சலைப் பார்த்து மென்பொருள் ஊகித்துப் போடுகிறது. பல படங்கள் நகர்ந்து விழும்போது ஒரே புள்ளிக்கு மூன்று நிறமும் நிஜமாக அளந்து கிடைக்கின்றன, ஊகத்துக்கு வேலை குறைகிறது.

இது புதிய வித்தையும் அல்ல. 1995இல் ஹபிள் தொலைநோக்கி ஆழ்வானத்தைப் பார்த்து எடுத்த படங்களைச் சேர்ப்பதற்கென்றே ‘டிரிஸில்’ என்ற முறையை உருவாக்கினார்கள். அங்கே தொலைநோக்கியை வேண்டுமென்றே சிறிது சிறிதாக நகர்த்தினார்கள். கை நடுக்கத்தையே பயன்படுத்தி ஃபோன் படத்தின் விவரத்தைக் கூட்டும் முறையைக் கூகுள் ஆய்வாளர்கள் 2019இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். உங்கள் ஃபோனின் இரவுப் பயன்முறையும் உள்ளே பல படங்களைத்தான் சேர்க்கிறது. ஆனால் என்ன செய்தது, எதை வழித்துத் துடைத்தது என்று உங்களுக்குக் காட்டாது. நாமே செய்தால் ஒவ்வொரு படியையும் திறந்து பார்க்கலாம்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். முக்காலியில் கமராவை அசையாமல் பூட்டி 16 படம் எடுத்தால் நொய்ஸ் குறையும், விவரம் கூடாது. முக்காலி இருந்தால் தலையைச் சற்றுத் தளர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் இடையில் ஒரு விரலால் மெல்லத் தட்டுங்கள்.

எடுக்கும் இடமும் நேரமும்

வாவிக் கரையில், பாலம் முழுதாகத் தெரியும்படி நில்லுங்கள். 2013இல் திறந்த புதிய பாலத்தின் மேல் நின்று எடுத்தால் பழைய பாலம் கிட்டத்தில் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் பஸ்ஸோ லொறியோ போகும்போதெல்லாம் காலடியே அதிரும், அந்த அதிர்வில் எடுத்த படங்கள் எல்லாம் மங்கல். கிட்டத்துப் பொருள் ஒன்றும் படத்துக்குள் வராமல் பாருங்கள். முன்னால் ஒரு தென்னோலை தொங்கினால், உங்கள் கை ஓர் அங்குலம் நகர்ந்தாலே ஓலை ஓரிடத்துக்கும் பாலம் ஓரிடத்துக்கும் போகும். பிறகு இரண்டையும் ஒன்றாகப் பொருத்த முடியாது.

நண்பகலில் முயற்சி செய்யாதீர்கள். வெயிலில் தண்ணீருக்கு மேலே காற்று கொதித்து அலையும்போது பாலத்தின் ஒரு பகுதி இந்தப் பக்கம், இன்னொரு பகுதி அந்தப் பக்கம் என்று நெளியும். மென்பொருள் படத்தை முழுதாக நகர்த்திப் பொருத்துமே தவிர, இந்த நெளிவை நேராக்காது. காலை வெள்ளெனவும் பொழுதுபட்ட பிறகும் காற்று அடங்கியிருக்கும். நம் பக்கத்தில் சூரியன் மறைந்து ஏறத்தாழ 20 நிமிடத்தில் இருட்டிவிடும், ஆகவே எல்லாவற்றையும் முன்னமே ஆயத்தம் செய்துகொண்டு நில்லுங்கள்.

எடுப்பதற்கு முன் லென்ஸைத் துடைக்க மறக்க வேண்டாம். கடற்கரைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றாலே கண்ணாடியில் உப்புப் படலம் பிடித்துவிடும். அது 16 படத்திலும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் சராசரி எடுத்தாலும் போகாது.

கமராவில் செய்ய வேண்டியது

ஆண்ட்ராய்டு ஃபோன் என்றால் Open Camera என்ற இலவசச் செயலியைப் போடுங்கள். அமைப்புகளில் Camera2 API என்பதைத் தெரிவு செய்த பிறகு, உங்கள் ஃபோன் இடம்கொடுத்தால், RAW சேமிக்கும் தெரிவு தெரியவரும். அப்போது ஒவ்வொரு படத்துக்கும் DNG கோப்பு ஒன்று கிடைக்கும். DNG ஏன் என்றால், சாதாரண JPEG உங்கள் கைக்கு வரும் முன்பே ஃபோன் நொய்ஸைத் துடைக்கிறேன் என்று ஆணித் தலைகளையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. 16 படத்திலும் துடைத்துப் போட்ட ஒன்றை எந்தச் சராசரியும் திருப்பித் தராது. DNG கிடைக்காத ஃபோனில் JPEG எடுத்து அடுக்கினாலும் வானம் சுத்தமாகும், ஆனால் விவரம் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

விரலால் விரித்துப் பெரிதாக்கும் ஸூம் வேண்டாம், பிரதான லென்ஸிலேயே எடுங்கள். ஐ.எஸ்.ஓ., ஷட்டர் வேகம், ஃபோகஸ், வைட் பாலன்ஸ் நான்கையும் கையால் பூட்டுங்கள். அந்த நேர வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. 1600, ஷட்டர் 1/60 என்று தொடங்கலாம். படம் சற்று இருட்டாக வந்தாலும் பரவாயில்லை. நொய்ஸைப் பிறகு குறைக்கலாம், ஆட்டத்தால் மங்கிய படத்தைத் திருத்த வழியில்லை. ஐ.எஸ்.ஓ. குறைக்கும் ஆசையில் ஷட்டரை மெதுவாக்குவது இந்த வேலைக்கு நேரெதிரானது. பாலத்து விளக்குகள் வெள்ளையாக எரிந்து போகாத அளவுக்கு மட்டும் கவனியுங்கள்.

பெரிய கமரா வைத்திருப்பவர்கள் f/4 முதல் f/5.6 வரை நில்லுங்கள். f/11க்குப் போனால் லென்ஸே ஒவ்வொரு புள்ளியையும் சில பிக்சல் அகலத்துக்குப் பரப்பிவிடும். லென்ஸ் கொண்டுவராத விவரத்தை எத்தனை படம் அடுக்கியும் எடுக்க முடியாது.

பாலம் அசையாத பொருள், ஆகவே மின்னல் வேக பர்ஸ்ட் தேவையில்லை. அரை செக்கனுக்கு ஒன்றாக நிதானமாக அழுத்தினால் போதும். மூச்சை விட்டபடி, முழங்கையை விலாவோடு அணைத்துக்கொண்டு 20 படம் எடுங்கள், பிறகு நல்ல 16ஐப் பொறுக்கலாம். ஒரே பக்கம் பார்த்து அழுத்திக்கொண்டே நின்றால் வீச்சு வலையோடு போகிறவர் யாராவது, “என்ன மகன், பாலம் எங்கயும் ஓடிருமெண்டா இத்தின படம்?” என்று கேட்கத்தான் செய்வார். சிரித்துவிட்டு எண்ணிக்கையை விடாமல் தொடருங்கள்.

DNGயிலிருந்து TIFFக்கு

எல்லாப் படங்களையும் RawTherapee இல் திறந்து 100 சதவீதத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆட்டம் தெரிகிற படத்தைத் தயங்காமல் விலக்குங்கள். 16 கிடைக்காமல் 12தான் மிஞ்சினாலும் அந்த 12 போதும். மங்கிய நான்கைச் சேர்ப்பதால் நொய்ஸ் இன்னும் சிறிது குறையும், சட்டங்களின் விளிம்போ கெட்டுப்போகும்.

மிஞ்சியவை எல்லாவற்றுக்கும் Neutral என்ற சுயவிவரத்தை ஒரே அடியாகப் போடுங்கள். தானாகப் பொருந்தும் வளைவை விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் சற்றுச் சற்று மாறிவிடும். நொய்ஸ் குறைப்பும் ஷார்ப்னஸும் அணைந்திருக்க வேண்டும், வைட் பாலன்ஸ் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். படம் வெளிறி, சப்பென்று தெரியும். அப்படித்தான் தெரிய வேண்டும், அழகுபடுத்துவது கடைசி வேலை. 16 பிட் TIFF ஆக ஒரு கோப்புறைக்குள் ஏற்றுமதி செய்யுங்கள்.

வெட்டு, பெரிதாக்கு, பொருத்து, சேர்

விவரம் கூட வேண்டுமானால் அதைப் போட்டுவைக்க இடம் வேண்டும், ஆகவே படத்தை முதலில் இரண்டு மடங்காக்குகிறோம். ஆனால் 12 மெகாபிக்சல் படத்தை அகலத்திலும் உயரத்திலும் இரட்டித்தால் 48 மெகாபிக்சல். ImageMagick சராசரி எடுக்கும்போது 16 படத்தையும் ஒன்றாக நினைவகத்தில் ஏற்றும். மொத்தம் 12 ஜிகாபைட் அளவுக்குப் போய்விடும், சாதாரண மடிக்கணினி அங்கேயே படுத்துவிடும். அதனால் பாலத்தின் நடுப்பகுதியை மட்டும், சொல்லப்போனால் 2000க்கு 1500 பிக்சல், வெட்டி எடுப்போம். அப்போது 3 ஜிகாபைட்டுடன் வேலை முடியும். வெட்டும் இடத்தின் மூலை எண்களை GIMPஇல் மௌஸை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கை நகர்ந்ததால் பாலம் படத்துக்குப் படம் சற்று இடம் மாறியிருக்கும், சுற்றிலும் தாராளமாக விட்டே வெட்டுங்கள்.

TIFF கோப்புறைக்குள் நின்று:

```
mkdir big
magick mogrify -path big -crop 2000x1500+900+700 +repage -filter point -resize 200% *.tif
```

`-filter point` என்பது தற்செயலாகப் போட்டதல்ல. வழக்கமாகப் பெரிதாக்கும் முறைகள் பிக்சல்களுக்கு இடையே மென்மையாக இட்டுநிரப்பும். தனிப் படத்துக்கு அது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நாம் தேடுகிற நுண்ணிய வேறுபாட்டை அதே மென்மை அழித்துவிடும். இந்த முறையில் ஒவ்வொரு பிக்சலும் நான்கு பிக்சல் கொண்ட சதுரமாக அப்படியே நிற்கும். தனியாகத் திறந்து பார்த்தால் கட்டம் கட்டமாக அசிங்கமாக இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அடுத்து Huginஉடன் வருகிற கட்டளையால் பொருத்துவோம்:

```
align_image_stack -v --use-given-order -C -c 20 -a al_ big/*.tif
```

இது படங்களுக்கு இடையே பொதுவான புள்ளிகளைத் தேடி, சுழற்சியையும் நகர்வையும் கணக்கிட்டு, பொருத்திய படங்களை al_0000.tif, al_0001.tif என்று எழுதும். `-c 20` கூடுதல் புள்ளிகளைத் தேடச் சொல்கிறது. `-C` எல்லாப் படத்துக்கும் பொதுவான பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு ஓரத்தை வெட்டும். விண்டோஸில் நட்சத்திரக் குறியை ஏற்காவிட்டால் கோப்புப் பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுங்கள். வெட்டிய பகுதியில் வானமும் தண்ணீருமே கூடுதலாக இருந்தால் புள்ளிகள் கிடைக்காமல் திணறும், அலையில் புள்ளி பிடித்தும் ஏமாறும். பாலம் பாதிக்கு மேல் இருக்கும்படி வெட்டுவது இதற்காகத்தான்.

கடைசியில் சராசரி:

```
magick al_*.tif -alpha off -evaluate-sequence mean mean.tif
```

உண்மையா, கற்பனையா?

என்னைக் கேட்டால் இந்தப் பகுதிதான் முழு வேலையிலும் முக்கியம், பலர் தாண்டிப் போவதும் இதையேதான். mean.tif ஐத் திறந்ததும் சுத்தமான வானம் மனதை மயக்கிவிடும். அதில் தெரிகிற மெல்லிய கோடு பாலத்தில் இருப்பதா, நம் செயலாக்கத்தில் பிறந்ததா என்று பார்க்க வேண்டும்.

16 படத்தையும் இரண்டு எட்டாகப் பிரித்துத் தனித்தனியே சராசரி எடுங்கள். இரட்டை எண் ஒரு பக்கம், ஒற்றை எண் ஒரு பக்கம். லினக்ஸிலும் மக்கிலும் இப்படி எழுதலாம்:

```
magick al_*[02468].tif -alpha off -evaluate-sequence mean even.tif
magick al_*[13579].tif -alpha off -evaluate-sequence mean odd.tif
magick even.tif odd.tif -compose difference -composite -auto-level diff.tif
```

even, odd இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு சட்டங்கள் சந்திக்கும் மூலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே வரிசையாக ஆணித் தலைகள் இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே எண்ணிக்கையில் தெரிந்தால் அவை பாலத்தில் இருப்பவை. ஒன்றில் ஐந்தும் மற்றதில் நான்கும் தெரிந்தால், அல்லது ஒன்றில் மட்டும் தெரிந்தால், அது நொய்ஸ் போட்ட கோலம். இரண்டு பாதியும் தனித்தனிப் படங்களால் ஆனவை என்பதால் தற்செயலான நொய்ஸ் இரண்டிலும் ஒன்றுபோல் வராது. JPEG இல் இருந்து செய்தால் மட்டும் இந்தச் சோதனையை முழுதாக நம்ப முடியாது. ஷார்ப் செய்ததால் வரும் வெள்ளை விளிம்பு எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்குமே!

diff.tif வேறொன்றைச் சொல்லும். அது படம் முழுக்க ஒரே சீரான மணல்போல் இருந்தால் பொருத்தம் சரி. பாலத்தின் உருவம் கோடு கோடாக அதில் தெரிந்தால் படங்கள் சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். அப்போது al_ படங்களை வேகமாக மாற்றி மாற்றிப் பாருங்கள், எந்தப் படம் துள்ளுகிறதோ அதை big கோப்புறையிலிருந்து விலக்கி, பழைய al_ கோப்புகளையும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பாலத்தின் ஒரு முனை மட்டும் கோடாகத் தெரிந்தால் காற்று நெளிவோ, கிட்டத்துப் பொருளோ காரணமாக இருக்கும். தண்ணீர்ப் பகுதியில் எப்போதும் உருவம் தெரியும், அது வழக்கம்தான்.

நொய்ஸ் எவ்வளவு குறைந்தது என்று அளக்கவும் செய்யலாம். மேகம் இல்லாத வானத்தில் சின்னச் சதுரம் ஒன்றைத் தெரிவு செய்து, ஒரு தனிப் படத்திலும் சராசரிப் படத்திலும் அதே இடத்தில் இந்தக் கட்டளையை ஓட்டுங்கள்:

```
magick mean.tif -crop 80x80+300+120 +repage -colorspace Gray -format "%[fx:standard_deviation]\n" info:
```

தனிப் படம் என்று big கோப்புறையில் உள்ளதை எடுக்க வேண்டாம், பொருத்தி முடிந்த al_0000.tif ஐ எடுங்கள். அப்போதுதான் ஒப்பீடு நியாயமானது. al_0000.tif இல் 0.024 வந்தால் mean.tif இல் 0.006க்குக் கிட்ட வர வேண்டும், அதாவது நான்கில் ஒன்று. 0.012இலேயே நின்றுவிட்டால் ஏதோ ஒன்று 16 படத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது. பெரும்பாலும் கை அசையாமல் எடுத்ததால் சென்சருக்கே உரிய நிலையான கோடுகள் ஒரே இடத்தில் விழுந்திருக்கும், இல்லாவிட்டால் நீங்கள் தெரிவு செய்த சதுரத்தில் வானமே மேலிருந்து கீழே நிறம் மாறியிருக்கும். வேறொரு சதுரத்தில் அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஷார்ப் செய்வது இப்போதுதான்

mean.tif முதலில் மென்மையாகத் தெரியும். விவரம் உள்ளே இருக்கிறது, மாறுபாடுதான் குறைவு. தனிப் படத்தை இந்த அளவுக்கு ஷார்ப் செய்தால் நொய்ஸும் கூடவே எழுந்து நிற்கும். இங்கே நொய்ஸ் அடங்கியிருப்பதால் தைரியமாகச் செய்யலாம்:

```
magick mean.tif -unsharp 0x1.5+1.2+0.01 -resize 75% final.tif
```

இரண்டு மடங்காக்கிய படத்தை 75 சதவீதத்துக்குக் குறைப்பதால் மூலப் படத்தைவிட ஒன்றரை மடங்கு அகலத்தில் முடிகிறது. முழு இரண்டு மடங்கிலேயே வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் பிக்சல் இரட்டித்தது என்பதற்காக விவரம் இரட்டிப்பதில்லை. ஃபோன் லென்ஸ் கொடுப்பதற்கு ஒன்றரை மடங்கே போதும் என்பது என் கணிப்பு. ஆணித் தலைகளைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் 1.2 ஐ 0.8 ஆக்குங்கள். நிறம், வெளிச்சம் எல்லாம் இதற்குப் பிறகு GIMP இல் உங்கள் விருப்பம்.

அசைகிறவை

வாவித் தண்ணீர் சராசரியில் பால்போல் வழவழப்பாகிவிடும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. தண்ணீர் தண்ணீராகத் தெரிய வேண்டுமானால் al_0000.tif ஐ GIMPஇல் மேலடுக்காகப் போட்டு, முகமூடி வைத்துத் தண்ணீர்ப் பகுதியை மட்டும் அதிலிருந்து எடுங்கள். அலையில் நொய்ஸ் இருந்தாலும் கண்ணுக்கு உறுத்தாது. al_0000.tif ஷார்ப்புக்கு முந்திய அளவில் இருப்பதால், mean.tif உடன் இதைச் செய்துவிட்டுப் பிறகு ஷார்ப் செய்வது சுலபம்.

பாலத்தில் ஆட்கள் நடந்தாலோ தோணி ஒன்று குறுக்கே போனாலோ அரைகுறை ஆவி உருவங்கள் விழும். அப்போது `mean` என்ற இடத்தில் `median` என்று எழுதி ஓட்டுங்கள். நடு மதிப்பை எடுப்பதால், ஓர் இடத்தில் பாதிக்கும் குறைவான படங்களில் மட்டும் வந்துபோனவர் முழுதாக மறைந்துவிடுவார். ஒரே இடத்தில் நின்று தூண்டில் போடுகிறவர் மறைய மாட்டார், 16 படத்திலும் அவர் அங்கேயே இருக்கிறார். இதற்கு ஒரு விலையும் உண்டு. 16 படத்தின் median, நொய்ஸைப் பொறுத்தவரை ஏறத்தாழ 10 படத்தின் சராசரிக்குத்தான் சமம். ஆட்கள் நடமாட்டம் இல்லாதபோது mean தான் நல்லது.

வீடியோவிலிருந்து எடுப்பது

மாமாங்கத் திருவிழாவில் யாரோ எடுத்த வீடியோவில் கோபுரத்தைப் பத்து செக்கன் காட்டியிருக்கிறார்கள், அதிலிருந்து ஒரு நல்ல படம் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம். ஆனால் செக்கனுக்கு 30 ஃபிரேம் இருக்கிறது, 300 படம் கிடைத்துவிட்டது என்று கணக்குப் போடக் கூடாது. வீடியோவைச் சுருக்கும்போது எல்லா ஃபிரேமும் முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. இடையிடையே வரும் முக்கிய ஃபிரேம்கள் மட்டுமே தனித்து நிற்பவை. மற்றவை அவற்றிலிருந்து பெரும்பகுதியை அப்படியே எடுத்துக்கொண்டு மாறியதை மட்டும் எழுதுபவை. ஒரே நொய்ஸைப் பிரதி எடுத்த பத்து ஃபிரேமைச் சேர்த்தால் அந்த நொய்ஸ் குறையாது. முக்கிய ஃபிரேம்களை மட்டும் ffmpeg இல் பிரித்தெடுங்கள்:

```
ffmpeg -skip_frame nokey -i kovil.mp4 -fps_mode passthrough k_%03d.png
```

செக்கனுக்கு ஒன்று அளவில்தான் இவை வரும் என்று வைத்துக்கொண்டால், பத்து செக்கனுக்கு ஏறத்தாழ பத்து. அது போதாதபோது இடைப்பட்டவற்றிலும் சிலவற்றைச் சேருங்கள். பிறகு மேலே சொன்ன அதே வரிசைதான். பெரிதாக்கும் கட்டளையில் `-crop` எண்களை வீடியோவின் அளவுக்கு மாற்றி, `-format tif -depth 16` என்று சேர்த்து, கடைசியில் `*.png` என்று கொடுத்தால் போதும். நீங்களே புதிதாக எடுப்பதானால் 4Kயில், ஃபோன் அனுமதிக்கிற உச்சத் தரத்தில், மென்பொருள் நிலைப்படுத்தலை அணைத்துவிட்டு எடுங்கள். நிலைப்படுத்தல் ஒவ்வொரு ஃபிரேமையும் ஒவ்வொரு விதமாக வளைத்து வெட்டுவதால் பொருத்துவது கடினமாகும்.

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ என்றால் எடுத்தவரிடம் மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள். வீடியோவாக அல்லாமல் ஆவணமாக அனுப்பச் சொன்னால் மறுபடி சுருக்காமல் அப்படியே வந்துசேரும். மூலம் அவரிடமும் இல்லை என்றால் even, odd சோதனையை முதலில் செய்துவிடுங்கள். கோபுரத்துச் சிலைகளின் கைகள் இரண்டு பாதியிலும் ஒன்றாகத் தெரியவில்லை என்றால், அந்த வீடியோவில் அந்த விவரம் இல்லை, அதற்குமேல் மினக்கெடத் தேவையில்லை.